குச்சி அண்ணன் மனப்பாடம் செய்த பலகை

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. குச்சி அண்ணன் என்று கேட்டால் போதும். எழுத்துப் பலகை பக்கத்தில் குச்சியோடு நின்று, "இது என்ன எழுத்து?" என்று கேட்பதுதான் அவருக்கு முப்பது வருட வேலை. யாராவது குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இது என்ன பரீட்சையா?" என்பார்.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்த மனிதர் தன் விஷயத்தில் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு வருடமாக அவருடைய இடது கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் மனைவியின் காதும் தோடும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் அப்பியிருக்கும். வருடா வருடம் ஊழியர்களுக்கு நடக்கும் பரிசோதனையில் பலகையை மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்துக்கொண்டார். நல்ல கண் ஒன்று இருக்கிறதே என்ற தெம்பு. அந்த வலது கண்ணிலும் போன வாரம் முதல் கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. மரம்தான் ஊறி வளைந்துவிட்டது என்று ஆசாரியைக் கூப்பிடப் போனாராம். இதை என்னவென்று சொல்ல!

அன்று காலை ஒரு டீச்சர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குச்சி ஐந்தாவது வரிசைக்குப் போனது.

"ப, ர, ட..." என்று படித்தார் டீச்சர்.

"அவசரப்படாதீங்க டீச்சர். முதல் எழுத்து ட."

"இல்லைங்க, ப தானே போட்டிருக்கு!"

"நான் முப்பது வருஷமா பாக்குறேன்மா."

வாசலில் நின்ற டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய பலகை பழுப்பேறிவிட்டதென்று நேற்று அண்ணன் லீவில் இருந்தபோது புதிதை மாட்டியதே டாக்டரம்மாதான். டீச்சரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, அஞ்சாவது வரிசையைப் படிங்க."

"ட, ப, ய, ர, ம."

"அது பழைய பலகை. நேத்தே மாத்தியாச்சு."

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. குச்சியை மேசைமேல் வைத்தார். "வேலையை விட்டு அனுப்பிடுவீங்களேன்னு பயந்துட்டேன்மா" என்றார்.

"வேலை கிடக்கட்டும். முதல்ல கண்ணைப் பாப்போம், வாங்க" என்று டாக்டரம்மா அவருடைய கையைப் பிடித்து விழித்திரை ஸ்கேன் அறைக்கு அழைத்துப்போனார்.

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டினார் அண்ணன். இடது கண்ணின் முறை. "நடுவுல பச்சையா ஒரு கூட்டல் குறி தெரியும். அதையே பாருங்க."

"எங்கம்மா இருக்கு? பக்கத்துல பாத்தா தெரியுது, நேரா பாத்தா காணாமப் போயிடுது."

திரையில் விழித்திரையின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காக வந்தது. டாக்டரம்மா பேனாவால் காட்டினார். "நல்ல கண்ணுல நடுவுல ஒரு சின்ன பள்ளம் இருக்கும். இடதுல பாருங்க, அடி அடுக்குல மேடு மேடா படிவு, நடுவுல அடுக்கே மெலிஞ்சு போச்சு. வயசானா வர்ற தேய்மானம். போனது திரும்பாது. ஆனா ஓரப் பார்வை இருக்கும், முழுக் குருடாக விடாது. வலதுல பள்ளமே காணோம், உப்பியிருக்கு. இந்தக் கறுப்புப் பை நீர். அடியில புது ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. நீங்க சொன்ன மாதிரி இது போன வாரத்துச் சமாசாரம்தான்னா நமக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னைக்கே கண்ணுக்குள்ள ஊசி."

"கண்ணுக்குள்ளயா!"

"மரத்துப்போக சொட்டு விடுவேன். நீங்க எத்தனை பேருக்கு 'ஒண்ணும் வலிக்காது'ன்னு சொல்லியிருக்கீங்க?"

ஊசி போடும்போது அண்ணன் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். டாக்டரம்மாதான் எத்தனை பிரியமான மனுஷி! ஊசி முடிந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, "அண்ணி, இவரை நம்பாதீங்க, அடுத்த மாசம் நீங்களே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவைத்தார்.

மாதம் ஒன்றாக மூன்று ஊசி. தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கோடு வளைகிறதா என்று கட்டம் போட்ட தாளைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வலது கண்ணில் கட்டங்கள் நேராயின. மனைவியின் முகத்தை அந்தக் கண்ணால் மட்டும் உற்றுப் பார்த்து, "உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டார். "நீங்க ஒழுங்கா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

நான்காம் மாதம் ஸ்கேனில் நீர் வற்றி, பழைய பள்ளம் திரும்பியிருந்தது. டாக்டரம்மா அலமாரியிலிருந்து, அண்ணன் கண்ணிலேயே காட்டாத ஒரு பலகையை எடுத்து மாட்டினார். இந்தத் தடவை குச்சி டாக்டரம்மா கையில்.

வலது கண்ணால் நான்கு வரிசை படித்தார். ஐந்தாவதில் தட்டுத் தடுமாறி மூன்று எழுத்து. நான்காவது எழுத்தில் குச்சி நின்றது. ம மாதிரி இருந்தது. ய ஆகவும் இருக்கலாம். எதையாவது சொல்லிவைக்க நாக்கு துறுதுறுத்தது.

"தெரியலம்மா" என்றார்.

டாக்டரம்மா குச்சியை இறக்கி, சீட்டில் எழுதிக்கொண்டார். "இந்த ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க பார்வை எவ்வளவுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணே."