அம்மா ஜாடை

அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் நீலசந்திராவில் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். நாள் முழுவதும் யாரோடும் பேசாமல் இருக்கலாம் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணனின் இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் நிறைந்து, நல்ல சதையை நெருக்கிவிட்டன என்றார் டாக்டர். பரம்பரையாக வருவது. அப்பாவும் ஐம்பத்திரண்டு வயதில் கிட்னி போய்த்தான் இறந்தார். நாங்கள் பிரஷர் என்று நினைத்திருந்தோம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும், கூடப் பிறந்தவர்கள் கிட்னி கொடுப்பதானால் முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் முகத்தையே பார்த்தார்கள்.

"தம்பி, நீங்க அப்படியே அத்தை ஜாடை. உங்களுக்கு வந்திருக்காது."

"தங்கச்சி?" என்றேன்.

"அது மாமாவை உரிச்சு வச்சிருக்கு. அந்த மூக்கு ஒண்ணு போதாதா? அதைக் கூப்பிட்டு என்ன பண்றது?"

அண்ணனும் தலையாட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தங்கைக்குச் சொல்லவே இல்லை.

ஸ்கேன் அறையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். ஸ்கேன் டாக்டர் கன்னடக்காரர். "உசிரு ஹிட்கொள்ளி" என்பார், மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "பிடி" என்பார், கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அர்த்தம், விட்டுவிடுவேன். பெங்களூரிலேயே வளர்ந்ததால் எனக்கு அதில் குழப்பமில்லை. திரையில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன, சிறிதும் பெரிதுமாக, திராட்சைக் குலை போல. ஒவ்வொன்றையும் அளந்தார். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனார். அங்கும் வட்டங்கள். அப்புறம் ஈரலைப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. கேட்காமலே தெரிந்துவிட்டது.

பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கும் இருக்கு. ரெண்டு கிட்னியும் பெருசாயிருக்கு. ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு நல்லா இருக்கு, பிரஷரை மட்டும் விடாம கவனிக்கணும். ஆனா நீங்க கொடுக்க முடியாது."

"நான் அம்மா ஜாடைங்க" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "முகம் வேற, இது வேற" என்றார்.

அதன்பிறகுதான் தங்கைக்குப் போன் செய்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவளுக்கு நாற்பத்தொன்று. ரத்த குரூப் அண்ணனோடு பொருந்தியது. மிச்சமிருந்தது ஸ்கேன். அவளும் இல்லையென்றால் வேறு ஆளில்லை. அண்ணிக்கு வேறு குரூப்.

நான் துணித் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரியில் பாட்டி வீட்டிலேயே வளர்ந்த தங்கைக்குக் கன்னடம் தெரியாது என்பது நினைவிலேயே இல்லை. ஸ்கேன் டாக்டர் கையால் காட்டியதில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள் போல. பிறகு அவர் "பிடி" என்றார். மூச்சு விடும் சத்தம் வரவில்லை. "பிடி, பிடி, பிடிம்மா!" அவள் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நர்ஸ் ஏதோ கத்தினாள். நான் எழுந்து, அந்நியர்கள் முன்னால் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டேன்:

"ஏய், விடு! விடுன்னுதான் சொல்றாரு!"

உள்ளே புஸ்ஸென்று மூச்சு. இருமல். அப்புறம் அவள் குரல்: "பிடி பிடின்னா பிடிக்காம என்னண்ணே பண்ணுவாங்க? உசுரு போயிருக்கும்!"

டாக்டருக்கும் சிரிப்பு. என் காது மட்டும் வேலையை விடவில்லை. அளக்கும்போது அந்த மெஷினில் வரும் 'டிக்' சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்த்தபோது எண்ண முடியாத அளவு வந்தது. அவளுக்கு ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு. கிட்னியின் நீளத்துக்கு இரண்டு முனை, அகலத்துக்கு இரண்டு முனை, அவ்வளவுதான் குறித்திருக்கிறார்.

ஒரு கட்டிகூட இல்லை. நாற்பது தாண்டி ஸ்கேனில் சுத்தமாக இருந்தால் இனி வராது, அவள் பிள்ளைகளுக்கும் பயமில்லை என்றார் பெரிய டாக்டர்.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தங்கை மூக்கைத் தடவிக்கொண்டே, "இந்த மூக்கைப் பார்த்துத்தானே அண்ணி என்னைக் கூப்பிடவே இல்ல? மூக்கு அப்பாவோடது. கிட்னி அம்மாவோடது" என்றாள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்ற சோதனைகள் முடிந்து, நாலு மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. அண்ணன் மறுபடி சைக்கிள் ஓட்டினார்.

என் மகனுக்கு அப்போது பதினேழு. இப்போது ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இல்லை என்று ஆகிவிடாது, முப்பது தாண்டியும் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர் மட்டும் பாருங்கள் என்றார்கள். அவன் முகம் அச்சாக அவன் அம்மா. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.