மில் சுவரில் விழுந்த நிழல்கள்

ஆலங்குடியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் சுற்றுச்சுவர் தொடங்குகிறது. பஸ் ரோட்டுக்குப் போகிறவர்கள், குளத்துக்கரை வழியாகச் சுற்றாவிட்டால், அந்தச் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும். எதிரே கடலைக்காடு. சுவரடியில் குப்பை கொட்டுவார்கள், ஒன்றுக்குப் போவார்கள். மருந்துக்கடை வேலைக்குப் போகும்போது நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பேன். பேரூராட்சி ஆட்கள் அள்ளிக்கொண்டு போன மறுநாளே அங்கே குப்பைப் பை விழுந்துவிடும்.

சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கலாம் என்று முதலில் பேச்சு வந்தது. யார் சாமியை என்பதில் பேச்சு நின்றுவிட்டது. தெருவில் எல்லா மதத்துக் குடும்பங்களும் உண்டு.

சுவரின் மூலையில் தெருக்குழாய் இருக்கிறது. ஒரு நாள் காலையில் குடத்தோடு நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர்களின் நிழல்களைச் சுவரில் பார்த்தேன். முகம் தெரியாமலே இன்னார் என்று சொல்ல முடிந்தது. ஒருத்திக்குக் கொண்டை, இன்னொருவருக்குக் கூன். பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னேன்.

"இதையே வரைஞ்சு கலர் அடிச்சிட்டா என்ன? நமக்குப் படம் வரையத் தெரியணும்னு இல்லையே."

"நம்ம மேல நாமளே குப்பை போட மாட்டோம்கிறீங்க" என்றார் அவர்.

"மத்தவங்க மேல போடக் கொஞ்சம் கூசும்ல."

மில் உரிமையாளர் திருச்சியில் இருந்தார். டீச்சர் போனில் பேசி, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு கட்சிக்காரர்கள் சுவரில் இடம் பிடித்து எழுதியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சுவரில் வருவார்கள் என்றதும் விட்டுக்கொடுத்தார்கள்.

மழைக்காலம் போய்ச் சுவர் நன்றாகக் காய்கிற வரை காத்திருந்தோம். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கம்பி பிரஷ்ஷோடு இறங்கி, பழைய சுண்ணாம்பையும் உப்புப் பூத்த இடங்களையும் சுரண்டியது. கழுவிக் காயவிட்டு, ஒயிட் சிமெண்ட் இரண்டு கை அடித்தோம். வாங்கியது அதுவும், தண்ணீரில் கலக்கிற வெள்ளை எமல்ஷன் ஒரு வாளியும், கலர் கூட்டுகிற ஸ்டெய்னர் குப்பிகள் சிலவும்தான். மற்ற கலருக்கு, வீடு வீடாக மிச்சம் கிடந்த டப்பாக்களைக் கேட்டோம். பாதிப்பேர் கதவுக்கு அடிக்கிற எனாமலைக் கொண்டுவந்தார்கள். அது எண்ணெய்ப் பெயிண்ட். தண்ணீர்ப் பெயிண்டோடு கலக்காது, வெளிச்சுவரில் உரிந்தும் போகும். அவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். மற்றவற்றில் நாற்றம் பிடித்ததைக் கழித்துவிட்டு, ஏடு கட்டியிருந்ததைப் பழைய பனியனில் வடிகட்டினோம். போதாத கலரை வெள்ளையில் ஸ்டெய்னர் சொட்டி உண்டாக்கிக்கொண்டோம்.

நிழல் வரைவது நாங்கள் நினைத்த அளவு சுலபமாக இல்லை. சூரியன் கடலைக்காட்டுக்கு மேலே தலைகாட்டியதும்தான் நிழல் ஆள் உயரத்துக்கு விழுகிறது. கொஞ்சம் ஏறினால் சுவரில் நழுவிக் கீழே இறங்கிவிடும், கால்கள் தரையில் கிடக்கும். அதனால் ஒரு காலையில் சிலரைத்தான் முடிக்க முடிந்தது. சுவரை விட்டுத் தள்ளி நின்றால் ஓரம் மங்கும். நேராக நின்றால் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பக்கவாட்டில் நின்றால்தான் மூக்கும் தாடையும் ஆளைக் காட்டும். வரைகிறவரின் நிழல் குறுக்கே விழாமல் ஓரத்திலிருந்து கையை நீட்டி, தலையை முதலில், கால்களைக் கடைசியில் சாக்பீஸால் வரைய வேண்டும். டீச்சர் வரைந்தார். அவரவர் நிழலுக்குள் அவரவரே கலர் அடித்தார்கள்.

கேஸ் சிலிண்டர் போடுகிற அண்ணன் காலியான சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "அசையாம நிக்கிறதுதான் இதுல கஷ்டமான வேலை" என்றார். தன் நிழலுக்கு அடர்ந்த காவி அடித்தார். சுவரில் அவரைத்தான் எல்லோரும் முதலில் அடையாளம் கண்டார்கள். அவர் மனைவி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கறக்கிற நேரமும் நிழல் விழுகிற நேரமும் ஒன்று என்பதால் அவர் வரவே இல்லை.

குப்பை முழுதாக நிற்கவில்லை. ஆனால் மெல்ல மெல்லச் சுவரின் கோடிக்கு, யாரும் வரையப்படாத பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. சித்திரையில் மிச்சம் இருந்தவர்களை அந்தக் கோடி வரைக்கும் வரைந்தோம். அதன்பிறகு சுவரடியில் நடக்க முடிந்தது.

ஐப்பசியில் அந்த அண்ணன் இறந்துபோனார். மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவர் மனைவி பால் ஊற்றக் குளத்துக்கரை வழியாகச் சுற்றிப் போவதைக் கவனித்தேன். ஒரு நாள் கடைக்கு மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார்.

"அக்கா, அந்தச் சொவத்துல இருக்கிற அவரை அழிச்சிருங்க."

நான் மாத்திரையைக் கவரில் போட்டேன்.

"கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. விடிஞ்சதும் அவரு மேல மோதிக்கிட்டுத்தான் போகணும், வரணும். என்னால ஏலல."

தெருவில் இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், "மாலை போட்டு வைக்க வேண்டிய ஆளு. அழிக்கிறதாவது" என்றார். டீச்சர்கூட, ஒரு வருஷம் போகட்டும், மனசு ஆறிவிடும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவரை வைத்துக்கொண்டு ஒருத்தியைச் சுற்றுவழியில் நடக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைச் சொன்னேன். டீச்சர், சரி என்று உப்புத்தாள் எடுத்துவரப் போனார்.

காவி லேசில் மறையவில்லை. தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, வெள்ளை அடித்தோம். சிலிண்டரின் வளைவு மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு கை அடித்ததும் போய்விட்டது.

அந்த அண்ணனின் மனைவி மறுபடி சுவர் வழியாகப் போக ஆரம்பித்தார். தை மாதத்தில் அந்த வெள்ளை இடத்துக்குக் கீழே முதல் பை விழுந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, நடுவில் ஆள் இல்லாத அந்த அகலத்துக்கு மட்டும் சரியாகக் குப்பை சேர்ந்தது. அழிக்கக் கூடாது என்றவர்கள் குப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதைப் பற்றி முதலில் பேசியது அந்த அண்ணனின் மனைவிதான். குழாயடியில், பால் கேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்த எடம் சும்மா கெடக்கவும்தானே போடுறாங்க?"

"ஆமா. வேற ஏதாவது வரைஞ்சிருவோம். பூச்செடி மாதிரி."

"செடி எதுக்கு. நாளைக்கு நான் நிக்கிறேன். கறவையைக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சிர்றேன்."

"அந்த எடத்துலயா?"

"நான் வேற எங்கிட்டு நிக்கிறது? மத்த எடமெல்லாம் ஆளு இருக்கே."

மறுநாள் கிழக்கு சிவந்தபோது கேனோடு வந்து நின்றார். டீச்சர் ஊருக்குப் போயிருந்ததால் நான்தான் வரைந்தேன். என் கோடு அவ்வளவு சுத்தம் இல்லை. அவர் கொஞ்சங்கூட அசையவில்லை. நிழல் இறங்குவதற்குள் கால்விரல் வரைக்கும் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்து, இளம்பச்சையை எடுத்தார். பிரஷ் பிடித்த பழக்கம் இல்லாததால் திட்டுத்திட்டாக அடித்தார். நான் பின்னாலேயே பிரஷ்ஷை ஓட்டி நிரவினேன்.

தள்ளி நின்று பார்த்தார்.

"மூக்குகிட்டக் கொஞ்சம் வெளிய போயிருச்சு பாருங்க."

ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். போதும் என்று தலையாட்டினார். பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.