இருநூற்று இருபத்தெட்டு

அந்த எண்ணை நான்தான் சொன்னேன். இருநூற்று இருபத்தெட்டு. சும்மா வாயில் வந்ததல்ல, அதுதான் கொடுமை.

விளையாட்டுத் தரவு அலுவலகமொன்றில் எனக்கு வேலை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறியும் குவாட்டர்பேக் ஒரு ஆட்டத்தில் எத்தனை யார்ட் எறிவான் என்று கணிப்பேன். பாரிஸின் லா சப்பலில் நான் சாப்பிடும் தமிழ்க் கடையின் சமையல்கார அண்ணைக்கு இது தெரிந்ததிலிருந்து, என் தட்டில் ஒரு ரோல் கூடுதலாக விழும். எனக்கும் அந்த மரியாதை பிடித்திருந்தது.

அந்த ஞாயிறு ஆட்டம் ஐரோப்பாவில் நடந்ததால் மத்தியானம் மூன்றரைக்கே தொடங்கியது. பந்தய நிறுவனம் போட்ட கோடு 258.5 யார்ட், அண்ணை அதில் காசு கட்டப் போகிறார். மேலா, கீழா?

"விளக்கம் வேண்டாம் தம்பி. ஒரு நம்பரைச் சொல்லு."

அந்தக் குவாட்டர்பேக் வழக்கமாக முப்பத்தைந்து தடவை எறிபவன். ஆனால் அவனுடைய அணிதான் வெல்லும் என்று எல்லோரும் சொன்னார்கள். முன்னிலையில் இருக்கும் அணி பந்தை எறியாது. நேரத்தைக் கரைக்க ஓடும். ஆகவே முப்பது. எதிரணியின் தடுப்பு கொஞ்சம் பலவீனம், எறிவுக்கு 7.6 யார்ட். பெருக்கினால் 228.

"கீழே போடுங்கோ அண்ணை."

என் தாளில் பக்கத்திலேயே இன்னொரு வரிசை இருந்தது. அணி பின்தங்கினால் நாற்பத்துநாலு எறிவு, முந்நூறைத் தாண்டும். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதை நான் சொல்லவில்லை. "ஆனால்" என்று தொடங்கினாலே அண்ணை முகத்தைச் சுளிப்பார், நானும் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் இருந்தேன்.

கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கைபேசியில் பார்த்தோம். முதல் பத்து நிமிடத்துக்குள் அவனுடைய அணி இரண்டு தடவை பந்தைத் தவறவிட்டது. இரண்டையும் எதிரணி எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளியாக்கியது. பதினாலுக்குப் பூச்சியம். இனி எறிவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

"ஏன் தம்பி இப்பிடி எறியிறான்?"

"பின்னால நிக்கிறாங்கள் அண்ணை."

நாலாம் பகுதி தொடங்கியதுமே 258-ஐத் தாண்டிவிட்டான். அண்ணை கத்தவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திரான்சியில வாடகைக்கு எடுக்கிற வீட்டுக்குக் குடுக்கிற கோசியோன், முற்பணம் தம்பி அது. முழுக்கப் போட்டிட்டன்."

அடப் பாவி மனுசா! அந்த வீடு இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவர் மனைவியை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் நகரும். நாலு வருடமாகக் காத்திருக்கிறாள் அந்த மனுசி. எவ்வளவு போடுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அவளே வீடியோவில் வந்தாள். அண்ணை கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள், சரியாச் சொல்லுவியள். அந்த வீட்டுக் குசினிக்கு யன்னல் இருக்கோ?"

நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. "ஓம் அக்கா," என்றேன். "இருக்கு."