அரை மில்லிமீட்டர் உத்திரம்

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த எழுபதுகளில் நான் பொறியியல் முடித்துவிட்டு என் தாய்மாமாவின் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். படித்த பெண்ணைத் துறைமுகத் தளத்தில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. மாமாவுக்கு மட்டும் அதில் தயக்கமே இல்லை. "கணக்குப் பாக்க ஆள் வேணும். அது ஆம்பளையா பொம்பளையான்னு இரும்புக்குத் தெரியுமா?" என்பார்.

பட்டறைக்கு அப்போது பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. கப்பல்துறை மேடையில் சரக்கு ஏற்றும் கிரேன் ஓடும் தண்டவாளத்தைத் தாங்க, தூணுக்குத் தூண் உத்திரங்கள் வேண்டும். தூண்களுக்கு இடையே மூன்றே மீட்டர்தான் இடைவெளி. ஆனால் கிரேனின் கால் இறக்கும் பாரம் அதிகம் என்பதால் உத்திரத்தின் உயரம் ஒரு மீட்டருக்கு மேல். மேலும் கீழும் தடித்த பட்டைகள், நடுவே நிற்கும் மெல்லிய தகடு. பார்ப்பதற்கு உத்திரம் மாதிரியே இருக்காது, குட்டிச் சுவர் மாதிரி இருக்கும்.

முதல் உத்திரத்தைச் சோதிக்க மதராசிலிருந்து ஆய்வுப் பொறியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசுவார், ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அசையமாட்டார். பட்டறை முற்றத்தில் உத்திரத்தை இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் ஜாக்கியால் நூறு டன் அழுத்தினோம். அடியில் டயல் கேஜ் எனப்படும் அளவுக் கடிகாரம். தாங்கிகள் அமுங்கினால் அதைக் கழித்துக்கொள்ள அங்கேயும் ஒவ்வொன்று.

உத்திரம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழும் என்பது அவருடைய அலுவலக வரைபடக்காரர்களின் கணக்கு. கடிகாரம் காட்டியது ஒன்றேகாலுக்கும் மேலே. மூன்று தடவை அழுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அதேதான். பாரத்தை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கைப் போல ரெண்டரை மடங்குக்கு மேல தாழுது. உத்திரத்துல விறைப்பு இல்லை. தகடு மட்டமா, பற்றவைப்பு மட்டமான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். இப்படியே நான் ஏத்துக்க முடியாது" என்றார்.

மாமாவின் முகம் கறுத்துப்போனது. பற்றவைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தைச் செதுக்கி மறுபடி பற்றவைத்தவர்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"சார், நல்ல இரும்போ மட்ட இரும்போ, விறைப்பு ஏறக்குறைய ஒண்ணுதானே?" என்றேன்.

"அப்படின்னா மிச்சத் தாழ்வு எங்கேயிருந்து வந்தது?" என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் வரை நேரம் கேட்டேன். கொடுத்தார்.

அன்று பிற்பகல் துறைமுகத்துக்கு ஆணிகள் கொண்டுபோன லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். மேடையோரம் ஒரு இழுவைப் படகு கட்டிக் கிடந்தது. படகுக்கும் மேடைக்கும் நடுவே கனத்த ரப்பர்க் கட்டை. அலையில் படகு முன்னும் பின்னும் நகர, அந்தக் கட்டை வளையவே இல்லை. ஒரு முகம் மேடையோடு நிற்க, மறுமுகம் படகோடு நகர்ந்தது. நேராக இருந்த கட்டை சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வளையாமலே ஒரு பொருள் உருமாற முடியும்! வரைபடக்காரர்களின் கணக்கில் வளைவு மட்டும்தான் இருந்தது. ஒரு பக்கத்தைக் கீழேயும் மறுபக்கத்தை மேலேயும் தள்ளும் வெட்டுவிசையால் தகடு சாய்வதை யாரும் சேர்க்கவே இல்லை.

பட்டறைக்கு ஓடி வந்து, கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை எடுத்தேன். பாரத்தில் பாதி இந்தத் தாங்கிக்கும் மீதிப் பாதி அந்தத் தாங்கிக்கும் போகிறது. அதைக் கடத்துவது நடுவில் உள்ள மெல்லிய தகடு மட்டுமே. பட்டைகள் வளைவைத்தான் தடுக்கும். தகடு சாய்வதால் வரும் தாழ்வைப் போட்டால் மில்லிமீட்டரில் நூறில் எண்பத்தொரு பங்கு. வளைவுக்கு நாற்பத்தெட்டு. கூட்டினால் நூற்று இருபத்தொன்பது. கடிகாரம் காட்டியது நூற்று முப்பத்தொன்று.

நாற்காலியிலிருந்து எழுந்தவள் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"ஏளா, என்ன ஆச்சு ஒனக்கு?" என்று மாமா வந்தார்.

ஒரு பழைய ரப்பர்த் துண்டில் சாக்கட்டியால் கட்டங்கள் வரைந்து, இரண்டு கட்டைகள்மேல் வைத்து நடுவில் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே இருந்த சதுரங்கள் சாய்ந்து கோணலாயின.

"கட்டம் கோணுது பாருங்க மாமா. அந்தக் கோணல்தான் மிச்சத் தாழ்வு. உத்திரம் நீளமா இருந்தா வளைவு அதிகமாயிரும், இது கண்ணுலயே படாது. நம்ம உத்திரம் குட்டை. அதான் இது வளைவையே முந்திட்டு."

மாமா மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "அப்போ எம் பயலுவ வேல சுத்தம்னு சொல்லுத."

"சுத்தம் மாமா."

மறுநாள் காலை பொறியாளர் என் கணக்கை நிதானமாகப் படித்தார். "கணக்கு சரியா இருக்கு. ஆனா விடை தெரிஞ்ச பிறகு போட்ட கணக்கும்மா இது" என்றார்.

அதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். "அப்போ விடை தெரியாத சோதனை ஒண்ணு வைப்போம் சார். தாங்கிகளை நெருக்கி ரெண்டு மீட்டர் ஆக்குவோம். அந்த இடத்துலயும் தகடு நசுங்காம இருக்க முட்டுப் பட்டை வச்சிருக்கு, தாங்கும். வளைவு நீளத்தோட முப்படிக்கு ஏத்த மாதிரி குறையும். சாய்வு நீளத்துக்கு ஏத்த மாதிரி மட்டும்தான் குறையும். உத்திரத்துல விறைப்பு இல்லைங்கிறது உண்மையானா முப்பத்தொன்பது வரணும். நான் சொல்றது உண்மையானா அறுபத்தெட்டு."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சாக்கட்டியை வாங்கி, எல்லாரும் பார்க்க உத்திரத்தின் தகட்டில் தானே இரண்டு எண்களையும் எழுதினார். "வையுங்க" என்றார்.

தாங்கிகளை நகர்த்தினார்கள். ஜாக்கி ஏறியது. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. கடிகாரத்தைப் பொறியாளரே குனிந்து படித்தார். இருபது டன், நாற்பது, அறுபது. முள் சீராக நகர்ந்தது. அறுபது டன்னிலேயே அது முப்பத்தொன்பதைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. நூறு டன்னில் ஜாக்கியை நிறுத்தினார்கள். பொறியாளர் தாங்கிக் கடிகாரங்களைப் பார்த்துக் கழித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழுபது."

அவரே முப்பத்தொன்பதைக் கையால் அழித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உத்திரம் நல்ல உத்திரம். குறை எங்க கணக்குலதான். இனி வர்ற எல்லாத்துக்கும் உங்க கணக்குப்படிதான் சோதனை" என்றார்.

பட்டறை அதிர்ந்தது. யாரோ சுத்தியலால் இரும்புத் துண்டைத் தட்ட, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மாமா பற்றவைத்தவர்களைக் கட்டிப் பிடித்துவிட்டு, என் தலையில் கையை வைத்து, "எம் மருமவ சொன்னா, இரும்பு கேக்கும்லே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கையைத் தள்ளிவிடத் தோன்றவில்லை.

அடுத்தடுத்த உத்திரங்களின் சோதனைக்கு நான் துறைமுகத் தளத்துக்கே போனேன், பொறியாளரின் ஜீப்பில், முன்சீட்டில். ஒவ்வொரு முறையும் ஜாக்கி ஏறுமுன் அவர் எல்லார் முன்னாலும் கேட்பார்: "எவ்வளவும்மா வரும்?" நான் சொல்வேன். முள் அங்கே வந்து நிற்கும்.