பஸ் படியில் ஒரு கால்

எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் முன்பெல்லாம் கீழே கார் நிறுத்துமிடத்தில்தான் நடக்கும். காலையில் எல்லாரும் தங்கள் வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்துவார்கள். எண்ணெய்க் கறை படிந்த தரையில் வாடகை நாற்காலி போடுவார்கள். குறித்த நேரத்துக்கு ஆள் சேராது. அரைமணி ஒத்திவைத்து, பிறகு வந்தவர்களை வைத்தே தொடங்குவார்கள். அதற்குள் டீயும் போண்டாவும் காலியாகிவிடும். இப்போது கூட்டம் கைபேசியிலேயே நடந்துவிடுகிறது. எனக்கு அந்தப் போண்டா வாசனை இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

எங்களுடையது மேல்மாடி வீடு. ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கடன் வாங்கி வாங்கியது. மழை வந்தால் படுக்கையறைக் கூரை சொட்டும். கட்டிலை நகர்த்தி, அந்த இடத்தில் வாளி வைப்போம். மொட்டைமாடித் தரை ஓடுகளைப் பெயர்த்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசினால்தான் தீரும். அதற்குக் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட வேண்டும். ஆனால் கூட்டத்தில் முதலில் கணக்கு, அப்புறம்தான் பழுதுபார்ப்பு. கணக்கில் தரைத்தளத்துப் பெரியவர் ஒருவர் ஜெனரேட்டர் டீசல் செலவைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். பழுதுபார்ப்பு வரும்போது இரண்டாம் ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் வந்து நிற்கும். மேல்மாடிக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்த ஷிஃப்ட்தான். நாங்கள் போன பிறகு, மீதமுள்ளவர்கள் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருஷம் என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த மழைக்கும் கட்டிலை நவுத்த சொன்னா, நான் குழந்தையைத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

செயலாளர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல்மாடிக்காரர். அவர் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகாது. உற்பத்தி லைனில் நின்ற பழக்கத்தால் உட்காரவே மாட்டார். கையில் மைக்கோடு நின்றபடி, வரவு, செலவு, இருப்பு என்று சொல்லாமல் 'வந்தது, போனது, நின்னது' என்றுதான் கணக்கை ஆரம்பிப்பார். அன்றும் ஆரம்பித்தார். போனதில் டீசல் வந்தது. பெரியவர் எழுந்தார். நான் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் கூட்டம் வரும் மாதம்தான் ஆர்டர் குவியும், அதனால் ஞாயிறும் எங்களுக்கு ஷிஃப்ட் இருக்கும். வழக்கம்போலப் பஸ் ஹாரன் கேட்டது. நாங்கள் மூன்று பேர் எழுந்தோம்.

செயலாளர் எங்களைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். பிறகு பழுதுபார்ப்பை முதலில் எடுக்கலாமா என்று சபையைக் கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். கணக்கே தெரியாமல் செலவுக்கு எப்படிக் கை தூக்குவது என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான். செயலாளர் மைக்கை வைத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே கேட்டை நோக்கி நடந்தார். நாற்காலிகளை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் வந்தது.

நடந்துகொண்டே சொன்னார்: "வந்தது பராமரிப்புப் பணம். போனது செக்யூரிட்டி, லிஃப்ட், கரண்ட், டீசல். நின்னதைத் தொட வேணாம், பேங்க்ல தனியா கீற ரிப்பேர் நிதியில இருந்தே மாடி வேலை முடிஞ்சிடும். பெயிண்ட்டும் சேர்த்தா பத்தாது. ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டார். மாடி வேலைக்குச் சம்மதம்னா கை தூக்குங்க." அவ்வளவுதான். நான் கேட்டதிலேயே அழகான பேச்சு அது.

நான் அதற்குள் பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தேன். ஏறு இல்லாட்டி இறங்கு என்று டிரைவர் கத்தினார். நான் கையைத் தூக்கினேன். பஸ்ஸில் ஏறினவன் கூட்டத்தில் இல்லை, அவன் கையை எண்ணக்கூடாது என்றார் பெரியவர்.

செயலாளர் குனிந்து என் செருப்பைப் பார்த்தார். "ஒரு கால் நம்ம தரையில கீது. எண்ணிக்கோங்க."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியது. கணக்கு பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வேலை முடிந்து, மாடியில் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதித்தார்கள். ஆனாலும் முதல் மழை வந்த காலையில், பழக்கதோஷத்தில் நாங்கள் கட்டிலை நகர்த்தி வாளியை வைத்தோம். வாளி காய்ந்தே கிடந்தது. மனைவி அதை எடுத்துப்போய்த் துணி ஊறவைத்தாள். கொஞ்ச நேரத்தில் செயலாளர் மொட்டைமாடியைப் பார்த்துவிட்டு நனைந்தபடி வந்து, எங்கள் வாசலில் நின்று சொட்டுகிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். உள்ளே வந்து கூரையைப் பார்க்கக்கூட இல்லை.

"அப்ப அடுத்தது பெயிண்ட் தம்பி" என்று இறங்கிப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு வெளியூர் போய்விட்டார். பெயிண்ட் இப்போதுதான் அடித்தோம். பளிச்சென்று இருக்கிறது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீடு ஒழுகுதா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.