கால் பங்கும் இருபதில் ஒன்றும்

"மாட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்காக என் அண்ணன் என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதை எடுத்துப் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்குச் சொன்னதை இன்று கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் நான் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டுட்டோரியல் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தேன். பி.எட். இருந்தால்தான் நிரந்தர வேலை கிடைக்கும். கோயம்புத்தூரில் தங்கிப் படிக்க மூவாயிரம் ரூபாய் வேண்டும், என்னிடம் இருந்தது இரண்டாயிரம். அது போனால் ஆயுசு முழுக்க ஓலைக் கொட்டகையில் எஸ்.எஸ்.எல்.சி. தோற்றவர்களுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்கும் ஆசைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அண்ணனுக்குப் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. கிணற்றுக்கு பம்பு செட் வாங்க அவரும் இரண்டாயிரம் சேர்த்து வைத்திருந்தார். அதை இரட்டிப்பாக்குகிறேன் என்று கடைவீதியில் தரகர் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தார். தரகரின் அறையில் ஒரு டெலிபோன், ஒரு மேஜை, நாலு மர நாற்காலி. கொச்சியில் மிளகுக்கு நடக்கும் அவதி வியாபாரம், அதாவது தவணைப் பேரம்தான் அங்கே தொழில். இன்றைக்கு ஒரு விலை பேசிக்கொள்வது, சரக்கைக் கண்ணால் பார்க்காமலே பின்னால் ஒரு நாள் விலை வித்தியாசத்தை மட்டும் வாங்குவது அல்லது கொடுப்பது. டிரங்க் கால் கிடைக்கும்வரை எல்லோரும் அந்தக் கறுப்பு டெலிபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டிய பணத்தில் கால் பங்கு நஷ்டமானால் தரகர் பேரத்தை முடித்துவிடுவார். அதைப்போல் இரண்டு மடங்கு லாபம் வந்தாலும் முடித்துவிடுவார். "இறங்குனாக் கால், ஏறுனா அரை" என்பது அங்கே சாமி வாக்கு. கால் என்பதை யார் வைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. தன் பணத்துக்கு ஆபத்து வராமல் இருக்கத் தரகர் வைத்துக்கொண்ட கோடு அது. அதையே தாங்கள் தாங்கக்கூடிய அளவு என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். செருப்புக் கடைக்காரன் தன் காலுக்குத் தைத்ததை ஊரே போட்டுக்கொண்டு நடந்த மாதிரி.

தரகரின் பழைய நோட்டை அண்ணன் மூலமாக வாங்கி எண்ணினேன். ஐம்பது பேரம். இருபதில் லாபம், முப்பதில் நஷ்டம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

"பாரு அம்மிணி, தோத்தா ஒண்ணு, ஜெயிச்சா ரெண்டு. முப்பது போச்சு, நாப்பது வந்துது. லாபந்தானே?"

லாபம்தான். ஆனால் லாபம் வரும் வரிசையை யார் சொல்வது? முதலிலேயே நாலு நஷ்டம் சேர்ந்து வந்தால், பின்னால் வருகிற லாபத்தை வாங்க அண்ணனுக்கு அங்கே நாற்காலி இருக்காது. நான் கேட்ட கேள்வி வேறு: கையில் உள்ள பணம் துடைத்துப்போக எத்தனை வாய்ப்பு?

அதற்கு ஒரு ராத்திரிகூட ஆகவில்லை, ஒரு மத்தியான இடைவேளை போதுமாக இருந்தது. ஒரு பேரத்தில் வைக்கும் தொகையை ஒரு படி என்று வைத்துக்கொண்டேன். இருக்கும் இடத்திலிருந்து என்றைக்காவது ஒரு படி கீழே விழும் வாய்ப்பு எக்ஸ். முதல் பேரம் தோற்றால் உடனே விழுந்தாயிற்று, அது பத்தில் ஆறு. ஜெயித்தால் இரண்டு படி மேலே போகிறோம், பிறகு மூன்று படி விழ வேண்டும், அதற்கு எக்ஸை மூன்று தடவை பெருக்க வேண்டும். ஆக எக்ஸ் என்பது 0.6, அதோடு 0.4 எக்ஸ் க்யூப். தீர்த்தால் 0.823 வருகிறது.

இரண்டாயிரத்தில் ஐந்நூறு வைத்தால் நாலு படி. 0.823-ஐ நாலு தடவை பெருக்கினால் நூற்றுக்கு நாற்பத்தாறு. நூறு வைத்தால் இருபது படி. லாகரிதம் புத்தகத்தைப் புரட்டினேன், நூற்றுக்கு இரண்டு. அதே மிளகு, அதே டெலிபோன், அதே தரகர். வைக்கும் அளவு மட்டும் வேறு. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மணி அடித்தது காதில் விழவில்லை.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன், அதை அண்ணனிடம் சொல்லவில்லை. ஐம்பது பேரம் என்பது கொஞ்சம். நிஜத்தில் ஜெயிப்பது நூற்றுக்கு நாற்பது இல்லாமல் முப்பத்தைந்தாக இருந்துவிட்டால், என் நூறு ரூபாய்க்கும் அழிவு நூற்றுக்கு முப்பத்தேழு. முப்பத்தைந்துக்கே அப்படி. மூன்றில் ஒன்று என்று ஆகிவிட்டால் யார் எவ்வளவு வைத்தாலும் ஒரு நாள் துடைத்துத்தான் போகும். கால் பங்கை நினைக்கவே வேண்டாம் என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

நூற்றுக்கு நாற்பத்தாறு என்பதை மட்டும் சொன்னேன். அண்ணன் கடகடவென்று சிரித்தார். "பணம் கொறையக் கொறைய நானும் கொறைச்சு வெக்கறேன். இருக்கறதுல கால்தான். அப்பறம் எப்படி அழியும்?"

"அழியாதுங்ணா, தேயும். பத்துப் பேரத்துல நாலு ஜெயிச்சு ஆறு தோத்தா, உங்க ரெண்டாயிரம் ஆயிரத்து எண்ணூத்தி ரெண்டு ஆகுது. லாபமான வியாபாரத்துல நஷ்டம். பெருக்கிப் பாருங்க."

அவர் பெருக்கிப் பார்க்கவில்லை. தரகர் எழுதும் மிகச் சின்னக் கூறே, அதாவது ஒரு பேரத்தின் பங்கே, தோற்றால் அறுநூறு ரூபாய் போகும் அளவு, அதற்குக் கீழே குறைக்கவும் வழி இல்லை. அண்ணன் ஐந்நூறு எடுத்துக்கொள்வார். மீதி நூறுக்கு ஒரு கூட்டாளி இருந்தார், அவர் விலகிப் போயிருந்தார். அந்த நூறு என்னுடையது என்றேன்.

தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறு ரூவாக்கூறுல எனக்கு டீச்செலவுக்குக்கூட வராது டீச்சரே. ஐந்நூறு வெய்யுங்க, இல்லாட்டி ஊட்டுல இருங்க."

"நூறுதானுங்க வெப்பேன். டீ நான் வாங்கித் தர்றேன்."

நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலியாகக் கிடக்கும் கூறு அவருக்கும் பாரம் என்று எனக்குத் தெரியும். கடைசியில் நூறை எழுதிக்கொண்டார்.

அப்படியாக அண்ணனும் தங்கையும் ஒரே பேரத்தில் இறங்கினோம், ஆளுக்கு இரண்டாயிரத்தோடு. முதல் பேரம் ஜெயித்தது. அண்ணனுக்கு ஆயிரம், எனக்கு இருநூறு. அண்ணி பால் பாயசம் வைத்தார். எனக்கு ஊற்றும்போது "நூறு வெச்சவங்களுக்கு அரை டம்ளர்" என்று கேலி செய்தார். அடுத்து மூன்று நஷ்டம், பிறகு ஒரு லாபம். அண்ணனிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு, என்னிடம் இரண்டாயிரத்து நூறு. அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து நஷ்டம்.

ஐந்தாவது நஷ்டத்தன்று டெலிபோனை வைத்துவிட்டுத் தரகர் நோட்டில் அண்ணன் பெயரை அடித்தார். பம்பு செட் பணம் முழுக்கப் போயிருந்தது. என்னிடம் ஆயிரத்து அறுநூறு இருந்தது. அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்து வந்தார், ஏறவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் வந்து திண்டாட்டத்தோடு நின்றார்.

"அம்மிணி, உன்ர பணத்துல ஐந்நூறு குடு. அஞ்சு தடவ தொடர்ந்து போயிருக்குது. இனி ஏறித்தான் ஆகோணும்."

"போன அஞ்சும் மிளகுக்குத் தெரியாதுங்ணா. ஆயிரத்து அறுநூறை ஐந்நூறு ஐந்நூறா வெச்சா மூணு படிதான். நூத்துக்கு அம்பத்தாறு அழிவு."

"ஒரு தடவதான் கேக்கறேன்."

"தோத்தா அதோட நிப்பீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கூடப் பொறந்தவனுக்கே குடுக்க மாட்டியா?"

"பம்பு செட்டுக்குக் கேளுங்க, பாதி தர்றேன். இதுக்கு மாட்டேன்."

அண்ணன் வாசலோடு போய்விட்டார். அண்ணன் வைத்துக்கொண்டிருந்த ஐந்நூறு ரூபாய்ப் பங்கை ஒரு பருத்தி வியாபாரி எடுத்துக்கொண்டார். என் நூறு அதில் இருந்தது. பதினோராவது பேரம் ஜெயித்தது. வியாபாரிக்கு ஆயிரம், எனக்கு இருநூறு.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? கொடுத்திருந்தால் ஆயிரம் வந்திருக்கும், ஒரு சொல்லால் கெடுத்தாள், படித்த திமிர், எண்ணிக்கை தெரிந்தவளுக்கு இரக்கம் தெரியாது என்று பெருமாட்டி முதல் பொள்ளாச்சி பஸ்வரை பேச்சு. அண்ணன் எட்டு மாதத்துக்கு வாயை மூடும் முன்னால் கடைசியாக ஒன்று கேட்டார்: "இப்ப என்ன சொல்ற?"

"நூத்துக்கு நாப்பது ஜெயிக்கும்னு சொன்னவளே நாந்தானுங்ணா. இது அந்த நாப்பதுல ஒண்ணு. தோத்திருந்தாலும் நான் சரின்னு குதிச்சிருக்க மாட்டேன்."

அது அவரை இன்னும் கோபப்படுத்தியது. எனக்கும் கோபம்தான். ஒரு பேரம் ஜெயித்ததால் கால் பங்கு சரியாகிவிடாது. குடித்துவிட்டு லாரி ஓட்டியவன் ஒரு தடவை முழுசாக வீடு வந்து சேர்ந்தால், அடுத்த தடவையும் அவன் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

நான் நூறு நூறாகவே போனேன். தாமதம்தான். பி.எட். சேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது, டுட்டோரியல் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் அதில் சேர்ந்தது. பணம் பெருகவில்லை, ஆனால் துடைத்துப் போகவும் இல்லை.

அதற்கு முன்னால், அடுத்த கோடையில், அண்ணி என் அறைக்கு வந்தார். தேங்காய் விற்ற ஆயிரம் ரூபாய் அவர் கையில்தான் இருந்தது. அண்ணன் மறுபடியும் தரகர் கடைக்குக் கிளம்புகிறார் என்றார்.

"போக வேண்டாம்னு சொன்னாக் கேக்க மாட்டாரு. ஒரு பேரத்துக்கு எத்தன குடுத்தாப் போதும், நீ எழுதிக் குடு அம்மிணி."

இருபதால் வகுத்து ஐம்பது என்று எழுதினேன், மீதிக் கூறுக்குத் தரகரே ஆள் பிடிக்கட்டும். "இந்த அளவுலகூடப் பணம் போகலாமுங்க அண்ணி. ஆனா சட்டுனு போகாது."

துண்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதுக்கு மேல கேட்டா என்ன சொல்லோணும்னு எனக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கு நீ அவருகிட்டச் சொன்ன அந்த ஒத்தச் சொல்லுதான்."