ஏழாம் நம்பர் வீட்டுப் பக்கம்

வீட்டுக்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. கோயமுத்தூருக்கு மாற்றலாகி வந்த நாலு வருடத்தில் மூன்று வீடு மாறியவன் நான். அட்வான்ஸ் வாங்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவர்கள், திருப்பித் தரும்போது சுவரில் அடித்த ஆணிக்கெல்லாம் கணக்குச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு வீட்டுக்கார அம்மாவைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

அவர் பெயர் ரம்ஜான் பீவி. உக்கடம் பக்கம் எட்டு வீடுகள் கொண்ட லைன் வீடு அவருக்குச் சொந்தம், கீழே நாலு, மாடியில் நாலு. கணவர் அமீர் ஹம்சா தகரப் பெட்டி செய்து விற்கும் கடை வைத்திருந்து சம்பாதித்துக் கட்டியது. அவர் இறந்த பிறகு வீடும் கணக்கும் பீவியம்மா கைக்கு வந்தன. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் பி.காம். வங்கியில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் கிளார்க். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எனக்கு வெட்கப்பட வசதியாக இருக்கும்.

குடியிருப்பவர்கள் வாடகையை எங்கள் கிளையில் அவர் கணக்கில் கட்டுவார்கள். சிலர் ரொக்கமாக, சிலர் தங்கள் கணக்கிலிருந்து டிரான்ஸ்பராக. எட்டு வீட்டுக்கும் ஒரே வாடகை, அறுநூற்று ஐம்பது ரூபாய். அந்தக் காலத்துப் பாஸ்புக்கில் தேதியும் தொகையும், ரொக்கமா டிரான்ஸ்பரா என்பதும் இருக்கும், கட்டியவர் பெயர் இருக்காது. ஆரம்பத்தில் ஒரு மாதம் ஏழு அறுநூற்று ஐம்பது வந்து, எட்டுப் பேரும் “நான் கட்டிட்டேனுங்க” என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அதற்கு பீவியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவரும் வாடகையோடு தங்கள் வீட்டு எண்ணையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்றாம் நம்பர் வீடு 651. எட்டாம் நம்பர் 658. கூடுதலாக வாங்கிய ரூபாயை ஆண்டுக்கொரு முறை அவரவர் பண்டிகைக்குக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் மேலாளர் இதைக் கேட்டுவிட்டு, பீவியம்மாவுக்குத் தன் அறையில் நாற்காலி போடச் சொன்னார்.

மாதம் பத்தாம் தேதி வாக்கில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டோடு வருவார். வீட்டுக்கு இரண்டு பக்கம். தேதி, தொகை, ரொக்கமா டிரான்ஸ்பரா, கடைசியில் ‘தாமதம்’ என்று ஒரு பத்தி. ஐந்தாம் தேதிக்குமேல் எத்தனை நாள் ஆனதோ அந்த எண் மட்டும் அதில் இருக்கும். அபராதம் எதுவும் கிடையாது.

“அபராதம் வாங்காட்டி அந்தப் பத்தி எதுக்கும்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆளைத் தெரிஞ்சுக்கறதுக்குத்தானுங்க தம்பி” என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். புரியாதபோது சிரிப்பது எங்கள் கவுண்டரின் வழக்கம்.

1994 பிப்ரவரி கடைசியில் அந்த லைன் வீட்டில் இரண்டு குடும்பங்கள் வீடு மாற்றிக்கொண்டன. மாடியில் ஏழாம் நம்பரில் இருந்தவர் காளிச்சாமி, காய்கறி மண்டியில் வேலை. அவர் மனைவி கால் எலும்பு முறிந்து படியேற முடியாமல் கிடந்தார். கீழே நாலாம் நம்பரில் இருந்த பிரான்சிஸ், பம்ப் கம்பெனி ஃபிட்டர், “நீங்க கீழ வந்துருங்க, நாங்க மேல போயிக்கறோம்” என்று தானாகவே சொல்லியிருக்கிறார். பீவியம்மா பேரேட்டில் இரண்டு பக்கங்களிலும் கோடு போட்டு, கீழே புதுப் பெயர்களை எழுதினார். அடுத்த நாளே கோபிசெட்டிபாளையத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே கர்ப்பமாக இருந்த மகளுக்குச் சிக்கல், மருத்துவர் அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்குப் பேரேடு மகன் முகமது ரியாஸ் கைக்குப் போனது.

பிரான்சிஸுக்கு எங்கள் கிளையில்தான் சம்பளக் கணக்கு. மாதாமாதம் ஏழாம் தேதி வாடகையை பீவியம்மா கணக்குக்கு மாற்றச் சொல்லி ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்திருந்தார். ஒருமுறை எழுதிக் கொடுத்தால் நாங்களே மாதந்தோறும் மாற்றிவிடுவோம். வீடு மாறியதும், இனி 654 வேண்டாம், 657 மாற்றுங்கள் என்று கடிதம் எழுதி, வரவு செலவு பதியத் தன் பாஸ்புக்கையும் சேர்த்து ஒருவரிடம் கொடுத்தார். அந்த ஒருவர் நான்தான். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், தலைக்கு மேல் வேலை. இரண்டையும் மேஜை டிராயரில் போட்டேன். அதன் மேல் பத்து பாஸ்புக் விழுந்தது. அவர் மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் “சனிக்கிழமை வாங்க” என்றேன். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி காலை பீவியம்மா வந்தார். முகம் சோர்ந்திருந்தது. நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய் எடுக்க வேண்டும் என்றார்.

“என்னம்மா, பேரனுக்கு நகையா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க தம்பி. பிரான்சிஸ் இன்னிக்கு ஊட்டைக் காலி பண்றாரு. மூணு மாசமா வாடகை வரலைன்னு பையன் நோட்டீஸ் குடுத்துப்போட்டான். நான் முந்தாநாள்தான் வந்தேன். கேட்டதுக்கு பேங்குல கட்டிட்டுதான் இருக்குதுங்கறாரு. பாஸ்புக்குல ஒரு 657கூட இல்லை. பத்து மாச அட்வான்ஸ் ஆறாயிரத்து ஐந்நூறு. மூணு மாச வாடகையைக் கழிச்சா இதுதானுங்க வருது.”

டோக்கன் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, கொடுக்கப்போகும் பணத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம் என்று பேரேட்டைத் திறந்தார். சற்று நேரத்தில் டோக்கன் எண்ணைக் காசாளர் கூப்பிட்டார். பீவியம்மா எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எழுந்து நேரே என் கவுண்டருக்கு வந்து பேரேட்டைத் திருப்பி வைத்தார்.

“இந்தப் பக்கத்தைப் பாருங்க தம்பி.”

நாலாம் நம்பர் வீட்டுப் பக்கம். கோட்டுக்கு மேலே பிரான்சிஸ், ஆறு வருடம். தாமதப் பத்தியில் 2, 2, 2 என்று வரிசையாக. எப்போதாவது ஏழாம் தேதி ஞாயிறாகிப் போனால் மட்டும் 3. கோட்டுக்குக் கீழே காளிச்சாமி பெயர். ரியாஸ் கையெழுத்தில் மார்ச், ஏப்ரல், மே, மூன்று 654, மூன்றும் டிரான்ஸ்பர். தாமதம் 2, 2, 2.

“சரியாத்தானே கட்டியிருக்கார்” என்றேன்.

அவர் ஏழாம் நம்பர் பக்கத்தைப் புரட்டினார். கோட்டுக்கு மேலே காளிச்சாமியின் ஐந்து வருடத் தாமதம்: 14, 19, 11, 22 என்று தாறுமாறாக. எல்லாம் ரொக்கம். கோட்டுக்குக் கீழே பிரான்சிஸ் பெயர், அதற்கடியில் வெறுமை.

“காளிச்சாமி ஏழாந்தேதி கட்டுற மனுசனில்லீங்க. டிரான்ஸ்பர் பண்ணவும் தெரியாது, அவருக்குக் கணக்கே கிடையாது. பையன் தொகையைப் பாத்தான், நாளைப் பாக்கலை. இந்த ரெண்டு பிரான்சிஸோட ரெண்டுங்க. ஊடுதான் மாறியிருக்குது, ஆளு மாறலை. இந்த மூணு டிரான்ஸ்பரும் யாரு கணக்குல இருந்து வந்துச்சுன்னு எடுத்துக் குடுங்க.”

பெயரே இல்லாத மூன்று வரவை, இரண்டு நாள் தாமதத்தை வைத்து ஓர் ஆளோடு சேர்த்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே டிராயர் ஞாபகம் வந்துவிட்டது.

ரெக்கார்டு அறையில் சணல் கயிறு கட்டிய வவுச்சர் மூட்டைகளைப் பிரித்தேன். மூன்று மாதத்து ஏழாம் தேதிகள். மூன்று வவுச்சரிலும் பிரான்சிஸ் கணக்கு எண், 654 ரூபாய். எழுதியிருந்தது என் கை. மாதாமாதம் பழைய பதிவேட்டைப் பார்த்து நானே எழுதிவிட்டு, மாற்றச் சொன்ன கடிதத்தை முழங்காலுக்கு மேலே டிராயரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிராயரைத் திறந்து பாஸ்புக்கையும் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். 

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கடிதத்தில் இருந்த தேதியைப் படித்தார். “மார்ச்சு ரெண்டு” என்றார். பிறகு, “வண்டி வச்சிருக்கீங்களா தம்பி? வந்து நீங்களே சொல்லிப்போடுங்க. நான் சொன்னா பத்தாது” என்றார்.

மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். முறைத்துவிட்டு, போய்வா என்றார். பீவியம்மா ஆட்டோவில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். என்னை எதற்காகக் கூப்பிட்டார் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

டெம்போவில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. பிரான்சிஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அன்புச்செல்வி அடுப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். மற்ற வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரியாஸ் கையில் பூட்டோடு இருந்தான். எல்லோர் எதிரிலும் நான் செய்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடம் வேறில்லை.

காளிச்சாமி நாலாம் நம்பர் வாசலில் தலையைச் சொறிந்தார். “பொண்டாட்டி ஆஸ்பத்திரிச் செலவுல மூணு மாசமா என்னால முடியலீங்க. நீங்களும் ஒண்ணும் கேக்கலை. சரி, பொறுத்துக்கறீங்களாட்ட இருக்குதுன்னு இருந்துட்டேன்” என்றார்.

“உங்க கணக்கை அப்புறம் பேசிக்கலாமுங்க” என்றார் பீவியம்மா.

டெம்போவின் விளிம்பில் பேரேட்டை வைத்தார். காளிச்சாமி பெயரில் இருந்த மூன்று வரியையும் அழிக்கவில்லை. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்தார். ஏழாம் நம்பர் பக்கத்தில் பிரான்சிஸ் பெயருக்குக் கீழே மூன்று வரவையும் எழுதினார். அடியில் ‘எங்கள் கணக்கில் தவறு. இவர் பாக்கி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரியாஸையும் போடச் சொன்னார். அவனும் போட்டான்.

பிறகு பிரான்சிஸ் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கங்க கண்ணு. முந்தாநாளே இந்தப் பக்கத்தை ஒழுங்காப் பாத்திருக்கோணும். பாக்காம உங்க முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லிப்போட்டேன். வேற ஊடு பாத்துட்டீங்கன்னா நான் தடுக்க மாட்டேன். அட்வான்ஸ் முழுசா வாங்கிக்கங்க. இருக்கறதுன்னா இது உங்க ஊடு.”

 பிரான்சிஸின் பார்வை பேரேட்டில் இல்லை, மனைவி மேல் இருந்தது. அன்புச்செல்வி அடுப்பைத் தரையில் வைத்துவிட்டு வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து மூன்று தேதியையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

“நானே நம்பலீங்கம்மா” என்றார் தணிந்த குரலில். “பணத்தைக் குடிச்சுப்போட்டு பேங்கு மேல பழி போடுறாருன்னு நெனச்சேன். நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து இவருகிட்ட பேசலை.”

பீவியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிரான்சிஸ் கேட்டு வந்தபோதே பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்திருந்தால் அதை மனைவியிடம் காட்டியிருப்பார். அதற்கு எனக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அன்புச்செல்வி கணவரிடம் போனார். அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். “கட்டிலை மொதல்ல எறக்குங்க. ஒருபக்கம் நான் புடிக்கறேன்” என்றார்.

பிரான்சிஸ் சரியென்று தலையை ஆட்டினார்.  நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, கட்டிலின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன்.